தாலி ஏறும் முன்பே தொடங்கும் பதிவு: பிரெஞ்சுக் குடிமகனை இந்தியாவில் மணந்தவருக்கு விசா எப்படிக் கிடைக்கிறது

பாரீஸ் புறநகரில் இருக்கும் மகனுக்குக் கடலூரில் பெண் பார்த்து, முகூர்த்தம் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்துக் கல்யாணத்தையும் முடித்துவிடுகிறார்கள். அப்புறம்தான் பெண்ணுக்கு விசா எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். சார்-பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழ் கையில் இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது, இரண்டு வீட்டாரின் சம்மதமும் இருக்கிறது. ஆனால் பிரான்சு அரசின் புத்தகத்தில் அந்தப் பையன் இன்னும் திருமணம் ஆகாதவன். அந்தப் புத்தகத்தில் திருமணம் ஏறும்வரை, பிரெஞ்சுக் குடிமகனின் மனைவி என்ற விசா அந்தப் பெண்ணுக்கு இல்லை.

இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றியது. வெளிநாட்டில் நடந்த திருமணத்தை, பிறப்பு, திருமணம், இறப்பு பதியும் பிரெஞ்சுக் குடிநிலைப் பதிவேட்டில் ஏற்றுவதை திரான்ஸ்கிரிப்சியோன் என்கிறார்கள். புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1956-ல் கையெழுத்தாகி 1962-ல் நடைமுறைக்கு வந்த, புதுச்சேரிப் பகுதிகளைப் பிரான்சு இந்தியாவிடம் விட்டுக்கொடுத்த ஒப்படைப்பு ஒப்பந்தப்படி, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் சுமார் ஐயாயிரம் பேர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இரண்டு நாடுகளிலும் இருக்கிறார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் பெரும்பாலும் இங்கேதான் தேடுகிறார்கள். 1980-களிலிருந்து இலங்கையிலிருந்து போய்க் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கும் இதே சட்டம்தான். அவர்கள் யாழ்ப்பாணத்தில் மணந்தால் கொழும்பில் உள்ள பிரெஞ்சுத் தூதரகம், தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ மணந்தால் புதுச்சேரியில் உள்ள கன்சலேட். அலுவலகம் மாறும், விதி மாறாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லண்டனில் இருக்கும் மாமாவோ டொராண்டோவில் இருக்கும் சித்தியோ, "இந்தியச் சான்றிதழைக் காட்டினாலே போதும், நாங்கள் எங்கேயும் பதிவு செய்யவில்லையே" என்று சொல்லக்கூடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிரிட்டனிலும் கனடாவிலும் வெளிநாட்டுத் திருமணத்தை மறுபடி பதிய வேண்டிய கட்டாயம் இல்லை, நடந்த நாட்டுச் சட்டப்படி செல்லுபடியானால் சான்றிதழே சான்று. ஜெர்மனியில் பதிவு செய்துகொள்ளலாம், விருப்பம்தான். பிரான்சு அப்படியல்ல. வெளிநாட்டினர் நுழைவு, தங்கல் சட்டத்தொகுப்பின் L. 423-1 பிரிவு, பிரெஞ்சுக் குடிமக்களின் துணைக்கான ஓராண்டுத் தங்கல் உரிமைக்கு வைக்கும் நிபந்தனைகளில் ஒன்று இதுதான்: திருமணம் வெளிநாட்டில் நடந்திருந்தால் அது முன்கூட்டியே பிரெஞ்சுக் குடிநிலைப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். கன்சலேட் தரும் நீண்டகால விசாவே முதல் ஆண்டின் தங்கல் அட்டையாகவும் இருப்பதால், விசா கட்டத்திலேயே அந்தப் பதிவைக் கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது முழுக்க, இருவரில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் மட்டும். பிரான்சில் பத்தாண்டுத் தங்கல் அட்டையோடு இலங்கைக் கடவுச்சீட்டோ இந்தியக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர் மனைவியை அழைப்பது குடும்ப இணைவு என்ற வேறு வழி. அங்கே வருமானமும் வீட்டின் பரப்பளவும் பார்ப்பார்கள். பிரெஞ்சுக் குடிமகனின் துணைக்கு அந்த இரண்டு கேள்வியும் சட்டத்தில் இல்லை. இங்கே கல்யாணம் உண்மையானதா, முறையாகப் பதிவானதா என்பதே பெரிய கேள்வி.

சரி, பதிவு எங்கே தொடங்குகிறது? எல்லோரும் நினைப்பதுபோல் கல்யாணத்துக்குப் பிறகு அல்ல. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தொகுப்பின் 171-2 பிரிவு, வெளிநாட்டு அதிகாரியின் முன் மணக்கப்போகும் பிரெஞ்சுக் குடிமகன் அதற்கு முன்பே கன்சலேட்டிலிருந்து 'திருமணத் தகுதிச் சான்றிதழ்' வாங்க வேண்டும் என்கிறது. போலித் திருமணங்களைத் தடுக்கவென்று 2006 நவம்பர் 14-ஆம் தேதிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. சோதனையைக் கல்யாணத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் பின்னால் பதிவு சுலபமாக நடக்கும் என்பது அதன் கணக்கு. சோதனைக்கு முன்பே கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு அதே சோதனை பின்னால் வருகிறது, ஆனால் இன்னும் கடுமையாக, கெடுவும் நீளமாக.

அந்தச் சான்றிதழுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மணமக்கள் இருவரும் பிறப்புச் சான்று, குடியுரிமைச் சான்று, முகவரிச் சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று எல்லாவற்றையும் கன்சலேட்டில் கொடுக்கிறார்கள். கன்சலேட் அவர்களின் திருமண அறிவிப்பைத் தன் பலகையில் பத்து நாள் ஒட்டிவைக்கிறது. பிரான்சில் மாப்பிள்ளை வசிக்கும் ஊரின் மெரியிலும், அதாவது நகராட்சியிலும், அதே அறிவிப்பு பத்து நாள் தொங்கும். யாருக்காவது சட்டபூர்வமான ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்கான இடைவெளி அது. கூடவே இருவரையும் நேரில் விசாரிக்கலாம். ஒருவர் பிரான்சிலும் ஒருவர் கடலூரிலும் இருந்தால் ஒருவரை மெரியிலும் மற்றவரைக் கன்சலேட்டிலும் தனித்தனியாக விசாரிப்பதற்கு வழி உண்டு. சந்தேகம் எதுவும் இல்லையென்றால் சான்றிதழ் கையில் வரும். பலமான சந்தேகம் இருந்தால் கன்சலேட் அதை நான்த் நகரிலுள்ள அரசு வழக்குரைஞருக்கு அனுப்பும். திருமணத்தை எதிர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு இரண்டு மாதம்.

பத்து நாள் என்றதும் பதினைந்து நாளில் முடிந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. கோப்பு முழுமையா என்று பார்த்து, மெரிக்கு அனுப்பி, அங்கே ஒட்டியதற்கான சான்று திரும்பி வந்து, விசாரணைக்கு நாள் கிடைத்து முடிய இரண்டு மூன்று மாதம் ஒதுக்கிவிடுவதுதான் புத்தி. அறிவிப்புக் காலம் முடிந்து ஓராண்டுக்குள் கல்யாணம் நடக்கலாம் என்பதால், முன்கூட்டியே வாங்கி வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நம் ஊர்க் கல்யாணங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பலர் இப்படிக் கணக்குப் போடுகிறார்கள்: "கோயிலில் தாலி கட்டுவது நம் சடங்கு. அரசாங்கக் கல்யாணம் என்பது பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவது. ஆகவே தாலி கட்டிவிட்டு, சான்றிதழ் வந்ததும் பதிவு செய்தால் சான்றிதழுக்குப் பின்னால் நடந்த கல்யாணம் என்றுதானே ஆகும்?" ஆகாது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் நடப்பது சடங்கில்தான். பதிவு என்பது நடந்த கல்யாணத்துக்கு எழுதிவைக்கும் சான்று. சான்றிதழில் திருமண நாள் என்று தாலி கட்டிய நாளும், பதிவு நாள் என்று வேறொரு நாளும் இருக்கும். பிரெஞ்சு அதிகாரி பார்ப்பது முதல் தேதியை. தகுதிச் சான்றிதழின் தேதி அதற்குப் பின்னால் இருந்தால், சான்றிதழ் இல்லாமல் நடந்த கல்யாணம்தான் அது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது, அது இன்னும் ஆபத்தானது. விசா சீக்கிரம் வேண்டும் என்று, ஊரறியும் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே 'ரிஜிஸ்டர் மேரேஜ்' மட்டும் செய்துவைக்கிறார்கள். சடங்கு எதுவும் நடக்காது. ஒரு கோயில் ரசீதோ மண்டபக் கடிதமோ வாங்கி, இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துவிடுவார்கள். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: உரிய சடங்கு நடக்காமல் வாங்கிய பதிவுச் சான்றிதழ், இந்து திருமணச் சட்டப்படி யாரையும் கணவன் மனைவி ஆக்காது. பிரெஞ்சுப் பக்கத்திலோ, குடிமைச் சட்டத்தொகுப்பின் 47-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டுப் பதிவு நடந்த உண்மையோடு பொருந்தவில்லை என்று தெரிந்தால் அதை ஏற்க வேண்டியதில்லை. விசாரணையில் "கல்யாணம் எங்கே நடந்தது, யார் யார் வந்தார்கள்?" என்று பெண்ணிடம் கேட்டு, அவள் அடுத்த மாதம் நடக்கப்போகும் மண்டபத்தைச் சொன்னால் கோப்பு அங்கேயே கெட்டுவிடும்.

உண்மையாகவே முன்னால் மணக்க வேண்டிய அவசியம் இருப்பவர்களுக்கு நேர்வழி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7-A பிரிவுப்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாக இருவரும் புரியும் மொழியில் சொல்லி, மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ மணந்துகொள்ளலாம். புரோகிதர் தேவையில்லை. அது முழுமையான கல்யாணம். ஆனால் அதுவும் தகுதிச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நடக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை என்றாலே இந்தச் சட்டத்துக்குத்தான் போகச் சொல்லும் பதிவாளர்களும் உண்டு. அதில் அறிவிப்பு கொடுக்கும் முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் வசித்திருக்க வேண்டும், கொடுத்த பிறகு இன்னொரு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். நான்கு வார விடுப்பில் வரும் மாப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதனால் இந்தியாவில் இருப்பவரின் மாவட்டத்தில், அவருடைய வசிப்பை வைத்து அறிவிப்பு கொடுப்பார்கள்.

நேரில் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளையை காணொளி வழியாகவே கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பதிவாளர் முன் மணக்க அனுமதித்தது. அந்த ஜோடிக்கு அது நல்ல தீர்ப்பு. பிரெஞ்சுக் குடிமகன் அதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தொகுப்பின் 146-1 பிரிவு ஒரே வரிதான்: பிரெஞ்சுக் குடிமகனின் திருமணம் வெளிநாட்டில் நடந்தாலும் அவர் அங்கே நேரில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள நுழைவு முத்திரையையும் திருமண நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

இப்போது ஒரு ஜோடியை மனத்தில் வைத்துக்கொண்டு முழு வழியையும் நடந்து பார்ப்போம். மாப்பிள்ளை பாரீஸ் புறநகரான சார்செலில் வசிக்கிறார், பிரான்சில் பிறந்தவர், தாத்தா பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தா. பெண் கடலூர். பிப்ரவரி 8-ஆம் தேதி முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம்.

அக்டோபர் தொடக்கத்தில் கோப்பு கன்சலேட்டுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை தன் பிறப்புப் பதிவின் முழு நகலை எடுத்து அனுப்புகிறார். அது மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால் ஜூனிலேயே எடுத்துவைப்பதில் பலனில்லை. பெண்ணின் பக்கம்தான் வேலை அதிகம். அவருடைய பிறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தால் பெயர் என்ற இடம் காலி, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது. நம் ஊரில் இது சர்வசாதாரணம். பிறந்தபோது பதிந்தார்கள், பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்கவில்லை. பள்ளிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. நகராட்சியில் பெயர் சேர்க்க மனுப் போட்டுப் புதுச் சான்று வாங்க வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே பிறப்புச் சான்றை எடுத்துப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பெயர். மாப்பிள்ளையின் பிரெஞ்சுப் பதிவில் குடும்பப் பெயர் செல்வராஜ், முதல் பெயர் கார்த்திக். கல்யாணப் பதிவுக்கு விண்ணப்பம் நிரப்பிய உறவினர் பழக்கத்தில் 'S. கார்த்திக்' என்று எழுதிவிடுகிறார். பதிவாளர் அதையே அச்சிடுகிறார். கன்சலேட்டில் அந்தச் சான்றிதழை வைக்கும்போது S. கார்த்திக்கும் செல்வராஜ் கார்த்திக்கும் ஒரே ஆள் என்பதைக் காகிதம் சொல்லாது. அப்பா அம்மா பெயர்களிலும் இதே கதை: கடவுச்சீட்டில் 'லட்சுமி', பிறப்புச் சான்றில் 'மகாலட்சுமி'. பெண்ணின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கலாம், அது பரவாயில்லை, ஆனால் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி காலியாக இருக்க வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திடும் முன் வரைவை வாங்கி, மாப்பிள்ளையின் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவையும் பெண்ணின் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் திருத்துவதற்கு மாதங்கள் ஆகும்.

கல்யாணம் ஆனதும் கடவுச்சீட்டில் கணவன் பெயரைச் சேர்த்துவிட வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுவார்கள். இந்தக் கட்டத்தில் அதைச் செய்ய வேண்டாம். பிரெஞ்சுச் சட்டத்தில் கல்யாணத்தால் யாருடைய பெயரும் மாறுவதில்லை, கணவன் பெயரைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோப்பு நடுவில் பெயர் மாறினால் எல்லாக் காகிதத்துக்கும் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

நவம்பரில் அறிவிப்பு இரண்டு இடத்திலும் ஒட்டப்படுகிறது. பெண்ணைப் புதுச்சேரிக்கு விசாரணைக்கு அழைக்கிறார்கள். இந்த விசாரணை என்றாலே நம் வீடுகளில் பயம். பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம், இருவரும் பேசிப் பழகியது சில மாதம்தான் என்று சொன்னால் போலி என்று நினைத்துவிடுவார்களோ என்று காதல் கதை ஒன்றைச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்கள். மிகத் தவறான யோசனை. 146-ஆம் பிரிவு கேட்பது சம்மதத்தை: சம்மதம் இல்லையென்றால் திருமணமே இல்லை என்கிறது. யார் அறிமுகம் செய்தது என்பது அதில் குற்றமல்ல. தமிழ்நாட்டுக் கல்யாணங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் கன்சலேட்டுக்கு ஜாதகம், தரகர், பெண் பார்த்தல் எதுவும் புதிதும் அல்ல. அவர்கள் தேடுவது பொருத்தமின்மையை. பெண், "அத்தை வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தோம்" என்று கடலூரில் சொல்ல, மாப்பிள்ளை, "இன்ஸ்டாகிராமில் பழகினோம்" என்று சார்செலில் சொன்னால், சொல்லிக் கொடுத்த கதை சந்தேகமாக மாறும். அவர் என்ன வேலை, யாரோடு வசிக்கிறார், முன்பு மணமானவரா, எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், கல்யாணம் ஆனதும் எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விகளுக்கு நடந்ததை நடந்தபடி சொல்வதே போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

ஜனவரியில் தகுதிச் சான்றிதழ் வருகிறது. பிப்ரவரி 8 கல்யாணம். அடுத்த வாரம் சார்-பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி தொண்ணூறு நாள் கெடு உண்டு, கூடுதல் கட்டணத்தோடு நூற்றைம்பது நாள்வரை செய்யலாம். ஆனால் மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே முடிப்பதுதான் சரி.

திருமணச் சான்றிதழ் வந்ததும், அதை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரைக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். மாநில அரசின் சான்றொப்பம் முதலில், அமைச்சகத்தின் முத்திரை அப்புறம். இந்தியா 2005-ல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்ததால், அதற்கு மேல் தூதரகச் சான்றொப்பம் தேவையில்லை. பிறகு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. இந்த வரிசையை மாற்றினால் முத்திரையின் மொழிபெயர்ப்பு விடுபட்டு, மறுபடி செய்யச் சொல்வார்கள்.

மார்ச்சில் திரான்ஸ்கிரிப்சியோன் விண்ணப்பம் கன்சலேட்டுக்குப் போகிறது. அதைக் கேட்க வேண்டியவர் பிரெஞ்சுக் குடிமகன். தகுதிச் சான்றிதழ் ஏற்கனவே கொடுத்திருக்கிறார்கள், கல்யாணம் அதற்குப் பின் நடந்திருக்கிறது, புதிதாகச் சந்தேகம் எதுவும் எழவில்லை என்றால் 171-8 பிரிவுப்படி பதிவு ஏறும், மறு விசாரணை இல்லாமல். ஏறியதும் பிரெஞ்சுத் திருமணப் பதிவின் நகலும், லிவ்ரே த ஃபமி என்ற குடும்பப் புத்தகமும் வரும். மாப்பிள்ளையின் பிறப்புப் பதிவின் ஓரத்திலும் இந்தக் கல்யாணம் குறிக்கப்படும். அப்போதுதான் பிரான்சின் புத்தகத்தில் அவர் மணமானவர்.

இதே ஜோடி சான்றிதழ் வாங்காமல் மணந்திருந்தால்? கல்யாணம் செல்லாதது ஆகிவிடாது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு பதறுகிறார்கள். பதிவு ஏறாவிட்டாலும், முறைப்படி நடந்த வெளிநாட்டுத் திருமணம் கணவன், மனைவி, பிள்ளைகள் இவர்களுக்கிடையே பிரான்சில் செல்லும் என்று 171-5 பிரிவே சொல்கிறது. மற்றவர்களிடம், குறிப்பாக அரசிடம், அதைக் காட்டி உரிமை கேட்கத்தான் பதிவு வேண்டும். ஆனால் இப்போது 171-7 பிரிவு வருகிறது: பதிவுக்கு முன் இருவரையும் விசாரிக்க வேண்டும். பலமான சந்தேகம் இருந்தால் கன்சலேட் பதிவை நிறுத்திவைத்து நான்த் வழக்குரைஞருக்கு அனுப்பும். அவருக்குக் கெடு ஆறு மாதம். அதற்குள் அவர் முடிவு சொல்லாவிட்டாலோ எதிர்த்தாலோ, தம்பதி நான்த் நீதிமன்றத்துக்குப் போகலாம், வழக்கறிஞர் வைத்துக்கொண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் இரண்டு மாதமாக இருந்த காத்திருப்பு, தாலி ஏறிய பிறகு ஆறு மாதமாகவும் வழக்காகவும் நீள்வது இப்படித்தான்.

முன்பு ஒருமுறை மணமாகியிருந்தவர்கள் இன்னும் முன்னால் தொடங்க வேண்டும். இந்திய நீதிமன்றத்தில் வாங்கிய விவாகரத்தை பிரெஞ்சுப் பக்கத்தில் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நான்த் வழக்குரைஞர் அதைச் சரிபார்த்து ஏற்ற பிறகே மறுமணத்துக்கான கோப்பு நகரும். ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிக்கொண்ட பிரிவுப் பத்திரம் இங்கே காகிதம்கூட அல்ல. முதல் திருமணம் முடியாமல் இரண்டாவது இல்லை என்பது 147-ஆம் பிரிவு.

விசாவுக்கு வருவோம். பதிவு ஏறிய பிறகு இந்தக் கட்டம் ஒப்பீட்டளவில் எளிது. france-visas.gouv.fr தளத்தில் பெண் விண்ணப்பத்தை நிரப்பி, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ் மையத்தில் நேரம் வாங்கி, கடவுச்சீட்டு, பிரெஞ்சுத் திருமணப் பதிவின் நகல், கணவரின் குடியுரிமைச் சான்று இவற்றோடு போகிறார். பிரெஞ்சுக் குடிமகனின் துணைக்கு விசாக் கட்டணம் இல்லை. முக்கியமான பாதுகாப்பு வெளிநாட்டினர் சட்டத்தொகுப்பின் L. 312-3 பிரிவில் இருக்கிறது: இந்த விசாவை மறுக்க மூன்று காரணம்தான் உண்டு. மோசடி, திருமணம் ரத்தானது, பொது ஒழுங்குக்கு ஆபத்து. சம்பளம் குறைவு, வீடு சிறியது, பிரெஞ்சு தெரியாது என்பதெல்லாம் மறுப்புக்குக் காரணம் ஆகாது. மறுத்தால் 30 நாளுக்குள் நான்த் நகரில் உள்ள விசா மறுப்பு முறையீட்டு ஆணையத்துக்கு எழுத வேண்டும். அந்தப் படியைத் தாண்டாமல் நேரே நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

"எதற்கு இவ்வளவு, சுற்றுலா விசாவில் கூட்டிக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது L. 423-2 பிரிவு. முறையாக நுழைந்து, ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்தவருக்கு நீண்டகால விசா இல்லாமலே அட்டை தரும் பிரிவுதான் அது. ஆனால் அதன் முதல் வரியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: கல்யாணம் பிரான்சில் நடந்திருக்க வேண்டும். கடலூரில் தாலி கட்டியவருக்கு அது பொருந்தாது. அப்படிப் போனவர்கள் தங்கல் அட்டை தரும் அரசு அலுவலகமான ப்ரெஃபெக்ச்சூரில் நின்று, மறுபடி ஊருக்குத் திரும்பி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. அதற்குள் குழந்தையும் பிறந்திருந்தால் அலைச்சல் இரட்டிப்பு.

குடியுரிமையைக் கல்யாணத்துக்குப் பிறகு பெற்றவர்களுக்கு மட்டும் பாதை வேறு. மணமான நிலையில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கும்போது, நான்த் நகரில் 1965 முதல் இயங்கும் மத்தியக் குடிநிலை அலுவலகம் அவருடைய பிறப்புக்கும் திருமணத்துக்கும் தானே பிரெஞ்சுப் பதிவு எழுதுகிறது. அவர்கள் தனியாகத் திரான்ஸ்கிரிப்சியோன் கேட்க வேண்டியதில்லை. ஆனால் குடியுரிமை மனுவில் கல்யாணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மனைவி ஊரில்தானே இருக்கிறாள் என்று மணமாகாதவர் கட்டத்தில் குறி போட்டவர்களுக்குப் பின்னால் விசா மட்டுமல்ல, வாங்கிய குடியுரிமைக்கே சிக்கல் வரும்.

பெண் பிரான்சில் இறங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த விசாவை administration-etrangers-en-france.interieur.gouv.fr தளத்தில் கட்டணம் கட்டி உறுதிசெய்ய வேண்டும். இதைத் தவறவிட்டால் தங்கல் உரிமை போய்விடும். புதுக் குடித்தனத்தின் பரபரப்பில் மறக்கக்கூடிய கெடு இது, அதனால் விமானச் சீட்டு எடுத்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது. ஓராண்டு முடிந்து அட்டையைப் புதுப்பிக்கும்போதும், நான்கு ஆண்டு கழித்துத் துணை என்ற முறையில் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கும்போதும் முதலில் கேட்பது அதே திருமணப் பதிவைத்தான். வெளிநாட்டில் நடந்து பதிவான கல்யாணத்தின் நகலை நான்த் அலுவலகத்திலிருந்து இணையம் வழியாகவே இலவசமாக எடுக்கலாம். பழைய நகலை லேமினேட் செய்து பத்திரப்படுத்தியவர்கள்கூட, மூன்று மாதத்துக்குள் எடுத்தது வேண்டும் என்று கேட்கும்போது அங்கேதான் போக வேண்டியிருக்கும்.